ஒலிப்பதிவிலிருந்து நடவடிக்கைக் குறிப்பு

ஓர் அடுக்ககச் சங்கத்தின் நிர்வாகக் குழு, 2025 மார்ச் 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கூடி, ஒன்றரை மணி நேரம் பேசிக் கலைந்தது என்று உதாரணமாக வைத்துக்கொள்வோம். அந்தப் பேச்சு முழுவதும் கைபேசியில் பதிவாகி, பிறகு எழுத்துப் பிரதியாகவும் ஆகி, நாற்பது பக்கத்துக்குக் குறையாத ஒரு கட்டாகச் செயலாளரின் மேஜைக்கு வந்திருக்கிறது. மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டியதோ இரண்டு பக்கம். நாற்பதை இரண்டாக்குவது வெறும் சுருக்கும் வேலையன்று. சொல்லப்பட்டது எது, முடிவானது எது, ஒருவர் தம்மேல் ஏற்றுக்கொண்டது எது என்று பிரித்தறியும் வேலை.

முதலில் வருகைப் பட்டியலை எழுதுக. இதை எழுத்துப் பிரதியைப் பார்த்து எழுதலாகாது. கையெழுத்துப் பதிவேட்டைப் பார்த்தே எழுத வேண்டும். கூட்டம் முழுவதும் வாய் திறவாமல் அமர்ந்திருந்த அங்கத்தினர் ஒலிப்பதிவில் இல்லவே இல்லை. ஆனால் மோட்டார் பழுதை விளக்க வந்த பிளம்பரின் குரலோ ஐந்து பக்கத்துக்கு நீள்கிறது. முன்னவர் பிரசன்னமாயிருந்தவர், பின்னவர் சிறப்பு அழைப்பாளர். கோரக் கணக்கில் அவரைச் சேர்ப்பதற்கில்லை. நமது உதாரணத்தில் குழுவுக்கு ஏழு பேர், விதிப்படி கோரம் நான்கு. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோருடன் இரு அங்கத்தினர்கள் வந்திருந்தார்கள். வராத இருவரில் ஒருவர் முன்னரே தெரிவித்திருந்தார். வந்த அங்கத்தினர்களில் ஒருவர், லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பற்றிய பேச்சின் நடுவே, 11.20 மணிக்கு விடைபெற்றுப் போனார். “நான் கிளம்பறேன், ஊருக்குப் போகணும்” என்று பிரதியில் ஒரு வரியாகக் கிடக்கும் இந்தச் செய்தியைப் பட்டியலிலேயே நேரத்துடன் குறிக்க வேண்டும். அவர் போன பிறகு மிஞ்சியவர் நால்வர் என்பதும், அதற்குப் பின் எடுத்த மோட்டார் முடிவுக்கும் கோரம் இருந்தது என்பதும் அந்த ஒரு குறிப்பினால்தான் நிலைபெறும்.

அடுத்தது தலைப்புகள். பேச்சு நேர்கோட்டில் போவதில்லை; லிப்ட்டில் தொடங்கி, மோட்டாருக்குத் தாவி, வாகன நிறுத்தத்தைத் தொட்டு, மறுபடி மோட்டாருக்கே திரும்பும். ஆகையால் கூட்ட அழைப்போடு அனுப்பிய நிகழ்ச்சிநிரலைக் கையில் வைத்துக்கொண்டு, பிரதியின் ஓரத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய பொருளின் எண்ணை இட்டு வருக. பிறகு, எந்த நேரத்தில் பேசினார்கள் என்பதை மறந்து, ஒரே எண் பெற்றவற்றையெல்லாம் ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவருக. நிரலில் இல்லாமல் எழுந்தவை, தலைவர் அனுமதித்திருந்தால், ‘இதர விஷயங்கள்’ என்ற கடைசித் தலைப்பில் சேரும்.

இனி, காரியத்தின் கடினமான பகுதிக்கு வருவோம். பிரதியில் மோட்டார் விஷயம் இவ்வாறு இருக்கிறது:

பொருளாளர்: “முதல் கம்பெனி அறுபத்தெட்டாயிரம் சொல்றாங்க. ரெண்டாவது எழுபத்திநாலாயிரத்து ஐந்நூறு. ஆனா ரெண்டு வருஷம் கியாரண்டி தர்றாங்க.”

செயலாளர்: “அப்ப ரெண்டாவதையே வாங்கிடலாமே.”

தலைவர்: “சரி, அதையே வாங்கிடலாம். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?”

அங்கத்தினர்: “இவ்வளவு பெரிய தொகையைப் பொதுக்குழுவுல வெச்சுதான் முடிவு பண்ணணும். என் ஆட்சேபணையை எழுதிக்குங்க.”

தலைவர்: “ஒரு லட்சம் வரைக்கும் கமிட்டிக்கே அதிகாரம் இருக்குங்க. எழுதிக்கலாம். ஆர்டரை வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடலாம்.”

நம் பேச்சு வழக்கில் இரண்டு சொற்கள் குறிப்பெழுதுவோரை மிகவும் ஏமாற்றுகின்றன. ஒன்று ‘சரி’. அது சம்மதமாகவும் இருக்கும், ‘கேட்டுக்கொண்டேன்’ என்ற பொருளிலும் வரும். அதன்பின் ஆட்சேபணை கேட்கப்பட்டதா, அல்லது பேச்சு வேறு பக்கம் போய்விட்டதா என்று பார்த்தே அது முடிவா இல்லையா என்று நிச்சயிக்கலாம். மற்றொன்று ‘லாம்’ என்று முடியும் வினை. ‘வாங்கிடலாம்’, ‘குடுத்துடலாம்’ என்பவற்றில் செய்பவர் யாரென்பதே இல்லை. எல்லோரும் ஒப்பினார்கள், ஒருவரும் ஏற்கவில்லை என்ற நிலை இதனால்தான் உண்டாகிறது. ஆர்டர் கொடுப்பவர் யார் என்று தேடிக்கொண்டு மேலே படித்தால், இரண்டு பக்கம் தள்ளி, வேறொரு பேச்சுக்கு நடுவில், “நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்” என்று செயலாளர் சொல்லியிருப்பது தென்படுகிறது. பொறுப்பு அங்கேதான் பிறந்தது.

இவ்வளவும் தெளிந்தபின் குறிப்பு இப்படி அமையும்: “தொட்டி மோட்டார் மாற்றுவதற்குப் பெறப்பட்ட இரு விலைப்புள்ளிகளைப் பொருளாளர் சமர்ப்பித்தார். இரண்டு ஆண்டு உத்தரவாதத்தைக் கருதி, ரூ.74,500க்கான இரண்டாவது விலைப்புள்ளியை ஏற்பதென மூவர் ஆதரவுடன் பெரும்பான்மையாகத் தீர்மானிக்கப்பட்டது. இதைப் பொதுக்குழுவின் முன் வைக்க வேண்டுமென்று ஓர் அங்கத்தினர் தெரிவித்த ஆட்சேபணை, அவர் கோரியபடி பதிவு செய்யப்பட்டது. ரூ.1,00,000 வரை செலவிடக் குழுவுக்கு அதிகாரம் உண்டெனத் தலைவர் தெரிவித்தார்.”

இங்கே ‘ஏகமனதாக’ என்ற சொல் இல்லை. பழக்கத்தினால் பலர் அதை இட்டுவிடுகிறார்கள், ஆட்சேபித்தவருக்கு அது பெரும் அநீதி. ‘முன்மொழிந்தவர்’, ‘வழிமொழிந்தவர்’ என்பனவும் இல்லை. பிரதியில் யாரும் முறைப்படி முன்மொழியாதபோது, அழகுக்காக இரண்டு பெயர்களைச் சேர்ப்பது பொய் எழுதுவதாகும். ஆட்சேபித்தவரின் பெயரைச் சங்க வழக்கத்தை ஒட்டிச் சேர்க்கலாம். ஆனால் அவர் குரல் உயர்ந்ததையோ, மற்றவர் முகம் சுளித்ததையோ எழுத வேண்டியதில்லை.

தொகைகளைப் பிரதியிலிருந்து அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள். எழுபதும் எண்பதும் ஒலியில் நெருங்கியவை. விசிறி ஓடும் அறையில், ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச, பிரதி எடுப்பவருக்கு ஒன்று மற்றொன்றாகக் கேட்பது சகஜம். தொகை, தேதி, வீட்டு எண் ஆகிய மூன்றும் வருமிடங்களில் ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டு, தொகையை மூல விலைப்புள்ளியோடும் ஒப்பிட வேண்டும். ‘வர்ற வெள்ளிக்கிழமை’ போன்றவற்றைக் கூட்டத் தேதியிலிருந்து கணக்கிட்டு, நாட்காட்டித் தேதியாகவே எழுத வேண்டும்.

செயற்பணி அட்டவணை இறுதியில் வரும். அதில் கருத்துக்கோ விவாதத்துக்கோ இடமில்லை. ஒரு வரிக்கு ஒரு பணி, ஒரு பணிக்கு ஒரே பொறுப்பாளர்.

| பொருள் எண் | பணி | பொறுப்பு | கெடு |
|---|---|---|---|
| 3 | மோட்டாருக்கு ஆர்டர் கொடுத்தல் | செயலாளர் | 14.3.2025 |
| 3 | பழைய மோட்டாருக்கு விலை விசாரித்தல் | பொருளாளர் | 31.3.2025 |
| 3 | தொட்டியைக் கழுவச் செய்தல் | குறிப்பிடப்படவில்லை | குறிப்பிடப்படவில்லை |

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். “தொட்டியையும் கழுவிடலாம்” என்று எல்லோரும் சொன்னார்கள். பிரதியின் கடைசிப் பக்கம் வரை தேடியும் ஏற்றவர் ஒருவரும் இல்லை. வழக்கமாக யார் செய்வாரோ அவர் பெயரை எழுதிவிட வேண்டுமென்ற ஆசை இங்கே எழும். அதற்கு இடங்கொடாமல் இடத்தை வெளிப்படையாகத் திறந்து விட்டு, வரைவை அனுப்பும் கடிதத்தில் தலைவருக்கு அதைச் சுட்டிக்காட்ட வேண்டும். அவர் பின்னர் ஒருவரை நியமித்தால், அது அன்றைய கூட்டத்தின் முடிவாக அல்லாமல், தலைவர் இன்ன தேதியில் நியமித்தார் என்ற அடிக்குறிப்பாகவே ஏற வேண்டும்.

பேச்சு நினைவிலிருக்கும்போதே, இரண்டு மூன்று நாட்களுக்குள் வரைவை வந்திருந்தோருக்கு அனுப்புவது நலம். கம்பெனிகளுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118ஆம் பிரிவு, கூட்டம் முடிந்த முப்பது நாட்களுக்குள் குறிப்புத் தயாராக வேண்டுமென்கிறது. சங்கங்கள் தத்தம் விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வரும் திருத்தங்களில், ‘நான் சொன்னது இப்படியல்ல’ என்பதை ஒலிப்பதிவோடு ஒத்துப்பார்த்து ஏற்கலாம். ‘நான் சொல்ல நினைத்தது இது’ என்பதை ஏற்பதற்கில்லை, அதை அவர் அடுத்த கூட்டத்தில் சொல்லிக்கொள்ளட்டும். அந்தக் கூட்டத்தில் குறிப்பு வாசிக்கப்பட்டு, உறுதி செய்யப்பட்டு, தலைவர் கையெழுத்திடும் வரையில் ஒலிப்பதிவை அழிக்கலாகாது. கையெழுத்தான பிறகு ஒரு பிழை தென்பட்டால், பழைய பக்கத்தில் அடித்துத் திருத்தாமல், பிழை இன்னது, சரியானது இன்னது என்று புதிய கூட்டத்தின் குறிப்பில் ஒரு தீர்மானமாகவே எழுதுக.