பன்னிரண்டு ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடுமா?

முதிர்வடைந்த காப்பீட்டுப் பாலிசியின் தொகையை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். அல்லது அதே தொகையை உடனடி ஓய்வூதியத் திட்டத்தில் போட்டு மாதாமாதம் பணம் பெறலாம். சாதாரண எண்டோமென்ட் பாலிசியில் இந்தத் தேர்வு முழுக்க பாலிசிதாரர் கையில் இருக்கிறது. ஓய்வூதிய பாலிசி என்றால் இப்போதைய விதிப்படி பொதுவாக 60 சதவீதம் வரைதான் மொத்தமாக எடுக்க முடியும். மீதி மாதத் தொகையாகவே வரும்.

கணக்கைப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு. பேராவூரணியில் தனியார் வேலையிலிருந்து 60 வயதில் ஓய்வு பெற்ற ஒருவருக்கு எண்டோமென்ட் பாலிசி முதிர்ந்து 10 லட்சம் ரூபாய் வருகிறது. அதை ஓய்வூதியத்தில் போட்டால் ஆயுள் முழுவதும் மாதம் 7,000 கிடைக்கும். அவர் காலத்துக்குப் பின் எதுவும் இல்லை. போட்ட அசல் வாரிசுக்குத் திரும்ப வேண்டுமென்றால் மாதம் 5,400. இந்த விகிதங்கள் வயதுக்கும் நிறுவனத்துக்கும் ஏற்ப மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

நம்பிக்கை: பன்னிரண்டே ஆண்டில் அசல் வந்துவிடும், அதற்குமேல் வருவதெல்லாம் லாபம்.

மாதம் 7,000 வீதம் 143 மாதங்களில் 10 லட்சம் சேர்ந்துவிடுவது உண்மைதான். ஆனால் இந்தக் கணக்கு, பன்னிரண்டு ஆண்டு கழித்து வரும் ரூபாயை இன்று கையில் இருக்கும் ரூபாய்க்குச் சமமாக எண்ணுகிறது. நிலத்தை ஒத்திக்குப் பிடித்தவர் யாரும் அப்படி எண்ணுவதில்லை. ஒத்திப் பணம் கொடுத்தவர் ஆண்டுதோறும் விளைச்சலை எடுத்துக்கொள்கிறார். ஒத்தி மீட்கப்படும்போது அசலையும் முழுதாகக் கேட்டு வாங்குகிறார். விளைச்சல் என்பது பணம் அவரிடம் இல்லாமல் இருந்த காலத்துக்கான கூலி, அசலின் தவணை அல்ல. ஓய்வூதியக் கணக்கில் மட்டும் இந்தக் கூலி மறந்துபோகிறது.

அதைச் சேர்த்துப் பார்க்கும் முறைக்கு இன்றைய மதிப்பு காண்பது என்று பெயர். பத்தாண்டு கழித்து 7,000 வேண்டுமென்றால் இன்று எவ்வளவு போட்டுவைக்க வேண்டும்? ஆண்டுக்கு 7 சதவீத வட்டி மாதாமாதம் கூடினால் 3,483 ரூபாய் போதும். இருபதாம் ஆண்டு முடிவில் வரும் 7,000-க்கு இன்று 1,733 ரூபாய்தான். இப்படி ஒவ்வொரு மாதத் தொகையையும் இன்றைய நிலைக்குக் குறைத்துக் கூட்ட வேண்டும். கைபேசியில் உள்ள விரிதாள் செயலியில் ஒரே வரி போதும்:

```
=PV(0.07/12, 240, -7000)
```

240 என்பது இருபது ஆண்டுக்கான மாதங்கள். விடை சுமார் 9.03 லட்சம். வெறுமனே கூட்டினால் இதே இருபது ஆண்டுத் தொகை 16.8 லட்சமாகத் தெரியும். 7 சதவீதக் கணக்கில் இன்றைய மதிப்பு 10 லட்சத்தை எட்ட 308 மாதங்கள், அதாவது 25 ஆண்டு 8 மாதம் ஆகிறது. ஓய்வு பெற்றவர் 85 வயதைத் தாண்டினால்தான் போட்டதும் வந்ததும் சரியாகும்.

இதில் எல்லாம் வட்டி விகிதத்தின் மேல்தான் நிற்கிறது. 6 சதவீதம் வைத்தால் சமநிலை 81 வயதை ஒட்டி வருகிறது. 8 சதவீதம் வைத்தால் 98-ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே விகிதத்தை மனம்போல் வைக்கக்கூடாது. கைமாற்று வட்டியையோ சீட்டில் எதிர்பார்க்கும் லாபத்தையோ எடுத்தால் ஓய்வூதியம் அநியாயத்துக்கு மட்டமாகத் தெரியும். அதே அளவு பாதுகாப்பான இடத்தில் அந்தப் பணம் உண்மையில் ஈட்டக்கூடிய வட்டியே சரியான அளவு. இந்த விகிதத்தில் விலைவாசி உயர்வும் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதற்காகத் தனியாக இன்னொரு முறை குறைத்தால் ஒரே செலவை இரண்டு தடவை கழித்ததாகும்.

நம்பிக்கை: அப்படியானால் மொத்தமாக வாங்குவதே எப்போதும் லாபம்.

அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2023 ஏப்ரலில் 8.2 சதவீதத்துக்கு உயர்ந்தது. அந்த விகிதத்தில் 10 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வருகிறது. மாதக் கணக்கில் 6,833. ஓய்வூதியத்தைவிட 167 ரூபாய்தான் குறைவு, அசலும் அப்படியே நிற்கிறது. இதைப் பார்த்ததும் முடிவு எளிதாகத் தோன்றும்.

ஆனால் அந்த வட்டி ஐந்தாண்டுக்குத்தான் உறுதி. நீட்டிக்கும்போது அன்றைய விகிதமே கிடைக்கும். 2020 ஏப்ரலில் இதே திட்டம் 7.4 சதவீதத்துக்கு இறங்கியது. அந்த விகிதத்தில் காலாண்டுத் தொகை 18,500 மட்டுமே. ஓய்வூதிய நிறுவனமோ இன்றைய விகிதத்தை ஆயுள் முழுவதற்கும் எழுதித் தருகிறது. இருபது ஆண்டு என்று வைத்துக் கணக்குப் போட்டவர் முப்பது ஆண்டு வாழ்ந்தால் யார் கொடுப்பது என்ற கேள்விக்கும் அதுவே பதில். மனிதரின் சராசரி ஆயுள் எழுபது என்று சொல்லப்படுவது பிறக்கும்போது கணக்கிடுவது. 60-ஐத் தொட்டவருக்கு இன்னும் 18 ஆண்டு அளவு சராசரியாக இருக்கிறது. பலர் அதையும் தாண்டுகிறார்கள். ஓய்வூதியம் வாங்குவோர் கூடுதலாக வாழ்கிறார்கள் என்பதால் காப்பீட்டுத் துறை அவர்களுக்கெனத் தனி இறப்புவிகித அட்டவணையே வைத்திருக்கிறது.

மறுபுறம், ஆயுள் ஓய்வூதியத்தில் போட்ட பணத்தை அவசரத்துக்கு எடுக்க முடியாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. புதிதாக வைத்த கன்று காய்க்க ஐந்தாண்டுக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் குடும்பத்தைத் தாங்கியது கையில் எடுக்க முடிந்த சேமிப்புதான். மாதம் 7,000 தோப்பை மீண்டும் நடத் துணை நிற்காது. கணவர் பெயரில் மட்டும் வாங்கிய ஓய்வூதியம் அவரோடு நின்றுவிடும் என்பதும் மனைவிக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி. இருவர் ஆயுளுக்கும் தொடரும் கூட்டு ஓய்வூதியத்தில் மாதத் தொகை குறையும், ஆனால் அந்தக் குறைவு கொடுக்கத் தகுந்த விலை.

நம்பிக்கை: அசலும் திரும்பி வரும் திட்டம்தான் மிகப் பாதுகாப்பானது.

மாதம் 5,400 என்றால் ஆண்டுக்கு 64,800. அசல் இறுதியில் வாரிசுக்கு வருவதால், இது 6.48 சதவீத வட்டிக்கு ஆயுள்கால ஒத்தி. ஆயுள் எவ்வளவு நீண்டாலும் வட்டி அதே 6.48 சதவீதம்தான். திரும்பி வரும் 10 லட்சம் பெரிதாகத் தெரிகிறது. 25 ஆண்டு கழித்து வந்தால் 7 சதவீதக் கணக்கில் அதன் இன்றைய மதிப்பு 1.75 லட்சம். அதற்காக மாதாமாதம் 1,600 ரூபாயை விட்டுக்கொடுக்கிறார். 25 ஆண்டுகளில் அந்த 1,600-இன் இன்றைய மதிப்பு 2.26 லட்சம். நீண்ட காலம் வாழ்பவருக்கு இந்தப் பாதுகாப்பு நட்டம். சீக்கிரம் இறப்பவரின் வாரிசுக்கு லாபம்.

வேறு ஓய்வூதியம் இல்லாதவர் முதலில் பெரும்பகுதியை மூத்த குடிமக்கள் திட்டத்தில் வைத்துவிட்டு, 70 வயதை நெருங்கும்போது ஒரு பகுதியை மட்டும் ஆயுள் ஓய்வூதியத்துக்கு மாற்றுவதே இந்தக் கணக்குகளுக்குப் பொருந்திய வழி. வயது கூடக்கூட, கொடுக்க வேண்டிய ஆண்டுகள் குறைவு என்று நிறுவனம் கணிப்பதால் அதே பணத்துக்கு மாதத் தொகை கூடும். முதிர்வுத் தொகைக்குப் பெரும்பாலான பழைய பாலிசிகளில் வரி இல்லை. மாத ஓய்வூதியமும் சேமிப்புத் திட்ட வட்டியும் ஆண்டு வருமானத்தில் சேரும்.

அவசரத்தில் கையெழுத்துப் போட்டவருக்கும் வழி உண்டு. ஓய்வூதியப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்டுப் பெறலாம்.