படத்தில் உள்ள இருநிலை எண்ணை மாற்றும் முறை

பயிற்சித்தாளின் படத்தில் 10110101 என்ற இருநிலை எண் இருந்தால், அதை எண்ம நிலைக்கோ பதினாறு நிலைக்கோ மாற்றப் பதின்ம எண்ணாக்கத் தேவையில்லை. வலது ஓரத்திலிருந்து மும்மூன்றாகப் பிரித்தால் 10 110 101. இடப்பக்கக் குறைக்கு ஒரு 0 சேர்த்து, 010 110 101 என எழுதினால் எண்ம நிலையில் 265. நந்நான்காகப் பிரித்தால் 1011 0101, அதாவது பதினாறு நிலையில் B5. பலர் இடறுவது இடப்பக்கத்திலிருந்து பிரிப்பதில்தான். அப்போது 551 என்ற தவறான விடை வரும்.

எண்ம நிலையிலிருந்து பதினாறு நிலைக்குப் போகவும் இருநிலையே பாலம்: 265-ஐ மும்மூன்று இலக்கங்களாக விரித்து, நந்நான்காக மீண்டும் பிரிக்க வேண்டும்.

மங்கலான படத்தில் B, 8 போலத் தெரியும். எண்ம நிலையில் 8, 9 இல்லை என்பதால் அங்கே பிழை உடனே தெரிந்துவிடும். பதினாறு நிலையில் இரண்டுமே செல்லும். இருநிலை விடை கொடுக்கப்பட்டிருந்தால் அதன் முதல் நான்கு இலக்கங்களைப் பார்க்கலாம். 1011 என்றால் B, 1000 என்றால் 8.