ரினியூவல் தாமதமானால் வட்டி யார் தர வேண்டும்?

திருவேங்கடத்தில் ஓய்வூதியக்காரர் ஒருவரின் மூன்று லட்ச ரூபாய் டெபாசிட் ஜூன் 2-ம் தேதி முதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி 7 சதவீதம். மறதியால் 6-ம் தேதிதான் ரினியூவல் கடிதம் கொடுக்கிறார். வங்கியோ ஜூலை 14-ல்தான் புதுப்பிக்கிறது.

‘டெபாசிட் தானாகவே புதுப்பிக்கப்படும், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்’ என்பது பலரின் நம்பிக்கை. விண்ணப்பத்தில் அப்படிக் கேட்டிருந்தாலோ, வங்கியின் நிபந்தனை அப்படி இருந்தாலோதான் அது நடக்கும். இரண்டும் இல்லாமல், முதிர்ந்த பணத்தை எடுக்கவும் இல்லையென்றால், சேமிப்புக் கணக்கு வட்டி, பழைய டெபாசிட் வட்டி இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் கொண்டுவந்த விதி இது.

இதைக் காட்டி, ‘தாமதமானால் சேமிப்பு வட்டிதான் சார்’ என்று கவுண்டரில் சொன்னால் நம்மவர்கள் பாஸ்புக்கை மடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இங்கேதான் நிதானிக்க வேண்டும். அந்த விதி, யாரும் கேட்காமல் கிடக்கும் பணத்துக்கானது. கடிதம் கைக்குப் போன பிறகு அது கேட்பாரற்ற பணம் அல்ல என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது.

அதனால் நாட்களை இரண்டாகப் பிரித்து எண்ணுங்கள். ஜூன் 2 முதல் 5 வரை 4 நாள் வாடிக்கையாளரின் தாமதம். ஜூன் 6 முதல் ஜூலை 13 வரை 38 நாள் வங்கியின் தாமதம். புது டெபாசிட் தொடங்கும் ஜூலை 14-ஐ எண்ணக் கூடாது; அன்றைய வட்டி அதில் சேர்ந்துவிடும். சேமிப்பு வட்டி 2.5 சதவீதம், ஜூன் 6 அன்று நடப்பிலிருந்த டெபாசிட் வட்டி 7 சதவீதம் என்றால் வித்தியாசம் 4.5. மூன்று லட்சத்துக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய். அதை 365-ஆல் வகுத்து 38-ஆல் பெருக்கினால் சுமார் 1,405 ரூபாய். மொத்தம் 42 நாளுக்கும் கேட்டால், அந்த 4 நாளைப் பிடித்துக்கொண்டே முழுக் கடிதத்தையும் தள்ளிவிடுவார்கள்.

கடிதத்தில் கோபம் வேண்டாம். ரசீது எண், தேதிகள், கணக்கு போதும். ‘தங்களிடம் 6.6 அன்று கடிதம் அளித்தேன். முத்திரையிட்ட நகல் இணைத்துள்ளேன். அத்தேதி முதலே புதுப்பித்ததாகத் திருத்தித் தர வேண்டுகிறேன். இயலாவிடில் 38 நாளுக்கான வட்டி வித்தியாசம் ரூ.1,405-ஐ வரவு வைக்கவும்’ என்று எழுதலாம். வங்கியின் இழப்பீட்டுக் கொள்கைப்படி பரிசீலிக்கும்படியும் ஒரு வரி சேர்க்கலாம்.

வாய்மொழியாகச் சொல்லியிருந்தால் இந்தக் கணக்கு நிற்காது. முத்திரையிட்ட நகல் இருந்தால்தான் 38 என்ற எண்ணுக்கு ஆதாரம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குத் தாமதிக்காமல் எழுதுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.