முகம் இடும் கட்டளை

நன்னெறி எங்கிருந்து பிறக்கிறது என்ற வினாவிற்கு மேலைநாட்டுச் சிந்தனையில் மிகுந்த செல்வாக்குப் பெற்ற விடை, 'விதியிலிருந்து' என்பதாகும். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாக வகுத்தார். நான் ஒரு செயலைச் செய்யுமுன், இச்செயலின் அடிப்படையை எல்லோருக்கும் பொதுவான சட்டமாக்க இயலுமா என்று என் அறிவைக் கேட்க வேண்டும்; இயலுமெனில் செய்யலாம், இயலாதெனில் விலக்க வேண்டும். இங்கே எதிரில் நிற்கும் மனிதன் யார் என்பது இரண்டாம் பட்சம். முதலில் விதி, பிறகே மனிதன்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர் எம்மானுவேல் லெவினாஸ். 1906-இல் லித்துவேனியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, பிரான்சில் வாழ்ந்து, 1995-இல் மறைந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படைவீரராக இருந்த அவர் 1940-இல் சிறைப்பட்டு, ஜெர்மனியில் காட்டுவேலை செய்யும் கைதியாக ஆண்டுகளைக் கழித்தார். லித்துவேனியாவிலிருந்த அவரது பெற்றோரும் சகோதரர்களும் கொல்லப்பட்டனர். முகாமைக் கடந்து சென்ற ஊர்மக்களின் பார்வையில் தாங்கள் மனிதராகவே படவில்லை என்று பின்னாளில் அவர் எழுதினார். எங்கிருந்தோ வந்த ஒரு தெருநாய் மட்டும் காலையிலும் மாலையிலும் அவர்களைக் கண்டு துள்ளிக் குதித்து வரவேற்றதாம். பொதுச் சட்டம் வகுக்கும் அறிவு அந்த நாய்க்கு இல்லை. ஆயினும் காண்டின் நாட்டில் மனிதனை மனிதனாகக் கண்டது அதுவே என்பது லெவினாஸின் கசப்பான நகை.

1961-இல் வெளிவந்த 'முழுமையும் முடிவின்மையும்' என்ற பெருநூலில் அவர் கூறுவது இதுதான்: பிறரின் முகம் என்னை எதிர்கொள்ளும் கணத்திலேயே நான் பொறுப்பாளியாகி விடுகிறேன். நான் சிந்தித்து ஏற்றுக்கொண்ட பொறுப்பன்று, ஒப்பந்தமும் அன்று. என்னைக் கொல்லாதே, என்னைக் கைவிடாதே என்று அந்த முகம் கட்டளையிடுகிறது. கட்டளையிடுவதால் அது என்னினும் உயர்ந்தது. பாதுகாப்பின்றி நிற்பதால் என்னினும் எளியது.

'முகம்' என்ற சொல்லை வாசகர்கள் கண், மூக்கு என்று பொருள்கொள்ளலாகாது. கண்ணின் நிறத்தைக்கூடக் கவனிக்காத நிலையிலேயே பிறரை உண்மையில் சந்திக்கிறோம் என்கிறார் லெவினாஸ். ரஷ்ய எழுத்தாளர் வசீலி கிராஸ்மனின் நாவலில், சிறையிலுள்ள உறவினரைப் பற்றி விசாரிக்க வரிசையில் நிற்கும் மக்கள் முன்னால் நிற்பவரின் முதுகிலேயே துயரத்தைப் படிக்கின்றனர். அந்த முதுகும் முகமே என்பது அவரது விளக்கம். ஒரு கையும் அவ்வாறு முகமாகலாம்.

அத்தகைய ஒரு கையைப் பற்றிய செய்தி நம் அருகிலேயே, கோலார் தங்கவயலில் உள்ளது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்த ஊர் அது. பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கித் தங்கம் எடுத்தார்கள். ஆனால் தொழிலாளர் குடியிருப்புகளில் 1990-களிலும் எடுப்புக் கக்கூஸ்களே இருந்தன. துடைப்பத்தாலும் தகரத் துண்டாலும் மலத்தை வாரி, வாளியில் சுமந்து, குழியில் கொட்டும் வேலை குறிப்பிட்ட சாதியினருக்கே விதிக்கப்பட்டிருந்தது. பெஜவாடா வில்சன் 1966-இல் அத்தகைய குடும்பத்தில் பிறந்தவர். தந்தையும் அண்ணனும் இதே பணியைச் செய்தவர்கள். வீட்டார் அதை இளமையில் அவரிடமிருந்து மறைத்தே வைத்திருந்தனர்.

இளைஞரான பின் ஒருநாள், மலம் கொட்டும் குழியருகே அவர் நின்றிருந்தார். ஒரு தொழிலாளியின் வாளி குழிக்குள் விழுந்துவிட்டது. அவர் சிறிதும் தயங்காமல் கையை உள்ளே விட்டு அதைத் துழாவி எடுத்தார். வேண்டாமென்று வில்சன் கதறினார். இதுதானே எங்கள் வேலை, வேறென்ன செய்வது என்பதே கிடைத்த பதில். இந்நிகழ்ச்சியை அவர் பல பேட்டிகளில் விவரித்துள்ளார்.

இங்கே ஒன்றை உற்றுநோக்க வேண்டும். விதிக்கு அப்போதும் பஞ்சமில்லை. தீண்டாமையை ஒழிக்கும் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு 1950 முதல் நடைமுறையில் இருந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993-இல் நிறைவேறியது. விதி தெரியாததால் அந்த வழக்கம் நீடிக்கவில்லை. விதியைக் கையில் வைத்திருந்தவர்கள் அந்தக் கையைக் காணாததாலேயே நீடித்தது. வில்சன் அதிகாரிகளுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். பின்னர் படங்களுடன் செய்தி நாளிதழில் வெளியாகி, நாடாளுமன்றத்திலும் பேசப்பட்ட பிறகே தங்கவயலில் கக்கூஸ்கள் மாற்றியமைக்கப்பட்டன.

விதி எவ்வாறு முகத்தை மறைக்கக் கூடும் என்பதற்கு 2013-ஆம் ஆண்டின் புதிய சட்டமே ஓர் எடுத்துக்காட்டு. பல வகைகளில் அது முந்தையதைவிட மேலானது. எனினும், அரசு அறிவிக்கும் கருவிகளுடனும் பாதுகாப்பு உடையுடனும் அதே வேலையைச் செய்பவர் 'மலம் அள்ளுபவர்' எனக் கருதப்பட மாட்டார் என்கிறது அதன் விளக்கக் குறிப்பு. கையுறை அணிந்த கணத்தில் மனிதர் வரையறைக்கு வெளியே போய்விடுகிறார். குழியோ அப்படியே இருக்கிறது. விதி வகைகளைக் காண்கிறது. வகைக்குள் அடங்காமல் மிஞ்சி நிற்பதையே லெவினாஸ் முகம் என்கிறார்.

நம் மரபில் வந்தவர்களுக்கு இங்கே ஒரு சங்கடம் எழும். பால் டாய்சன் என்ற ஜெர்மானிய வேதாந்த அறிஞர் 1893-இல் மும்பையில் ஆற்றிய உரையில், அயலானை உன்னைப்போல் ஏன் நேசிக்க வேண்டும் என்பதற்கு உபநிடதமே காரணம் கூறுகிறது என்றார்: அயலானும் நீயே என்பதால். லெவினாஸ் இதை ஏற்கமாட்டார். பிறரை 'நான்' என்று கொண்டால், என்னை எதிர்த்து நிற்கும் அந்தக் குரல் அடங்கிவிடுமே என்று அஞ்சுவார். இந்த அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. எல்லாம் ஒரே ஆத்மா என்று ஓதிய நாட்டில்தான் அந்த வாளி தலைமுறை தலைமுறையாகச் சுமக்கப்பட்டது. ஒருமையை அறிந்தவன் வேற்றுமையின் துயரை மறக்கமாட்டான் என்று நாம் பதில் கூறலாம். ஆனால் அறிந்தவனுக்கே அது பொருந்தும், ஓதுபவனுக்கு அன்று.

அப்படியானால் விதியே வேண்டாமா? லெவினாஸ் அவ்வளவு எளிதாக விடுவதில்லை. உலகில் நானும் எதிரிலிருப்பவரும் மட்டும் இருந்தால் முகமே போதும். மூன்றாமவர் ஒருவர் உண்டு; அவரும் என் அயலார். இருவரில் எவருக்கு முதலில் செய்வது என்ற கேள்வி வந்தவுடன் ஒப்பிடவும், அளக்கவும், நீதிமன்றம் அமைக்கவும் வேண்டியிருக்கிறது. வில்சன் நிறுவியவர்களுள் ஒருவராக இருந்த துப்புரவுப் பணியாளர் இயக்கமும் 2003-இல் உச்ச நீதிமன்றத்தையே நாடியது. எங்கள் மாநிலத்தில் இவ்வழக்கமே இல்லை என்று அரசுகள் மறுத்தபோது, இயக்கத்தினர் பணியாளர்களின் புகைப்படங்களையும் விவரங்களையும் முன்வைத்தனர். 2014 மார்ச் 27 அன்று தீர்ப்பு வந்தது. கழிவுநீர்க் குழிகளில் இறந்தோரின் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் என்று அது விதித்தது. 2023-இல் மற்றொரு தீர்ப்பு அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஈடற்ற ஒருவருக்குத் தொகை குறிப்பது முகத்தின் மொழியன்று. ஆனால் வீட்டில் காத்திருக்கும் மனைவியும் மக்களும் அந்த மூன்றாமவர் அல்லவா?

தங்கவயலிலும் மூன்றாமவர் விரைவிலேயே வந்து நின்றார். வாளியைக் கீழே வைத்தவர்களுக்கு மாற்றுப் பணி வேண்டியிருந்தது. அதைத் தரவேண்டிய சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அன்று வேலையிழந்து வாசலில் நின்றவர்களில் சுரங்கத்தில் இறங்கியவர்களும் இருந்தனர், வாளி சுமந்தவர்களின் பிள்ளைகளும் இருந்தனர்.