விளையாட்டு மன்றத்தின் சட்டவிதிகள்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் நாம் முதலில் காணும் நகரம் ரிங்லெட். அதைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழும் இளையோர் ஒரு காற்பந்து மன்றம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். மலேசியாவில் விளையாட்டு மன்றங்கள், 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் விளையாட்டு ஆணையரிடம் பதிவு பெற வேண்டும். பதிவுக்கு எழுத்து வடிவிலான சட்டவிதிகள் தேவை. அவ்விதிகளில் சில சொற்கள் தெளிவாக இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் உறுப்பியம். மன்றத்தில் 60 பேர் பெயர் கொடுத்துள்ளனர். ஆண்டுச் சந்தா 24 ரிங்கிட். 45 பேர் மட்டுமே அதைச் செலுத்தியுள்ளனர். வாக்குரிமை உள்ளவர்கள் 60 பேரா, 45 பேரா? விதி இதற்கு விடை கூற வேண்டும். “பொதுக்கூட்டத்திற்கு 30 நாளுக்கு முன்பே சந்தாவைச் செலுத்தி முடித்தவரே வாக்களிக்கலாம்” என்று எழுதினால் குழப்பம் இல்லை. கூட்டத்திற்கு முதல்நாள் இருபது புதியவர்களைச் சேர்த்து வாக்குகளைத் திரட்டுவதையும் இவ்விதி தடுக்கும்.

அடுத்தது தேர்தல். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரின் பதவிக்காலம் எத்தனை ஆண்டுகள் என்பதை விதி குறிப்பிட வேண்டும். வாக்காளர் பட்டியலைச் செயலாளர் கூட்டத்திற்கு 14 நாளுக்கு முன்பே அனைவரும் காணும்படி ஒட்ட வேண்டும். பெயர் விடுபட்டவர் அதற்குள் முறையிடலாம். தேர்தலில் போட்டியிடாத ஒருவர் வாக்குகளை எண்ண வேண்டும்.

நிதியைப் பற்றிய விதியில் மூன்று செய்திகள் போதும். மன்றத்தின் பணம் மன்றத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். பணம் எடுக்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் இருவரின் கையொப்பம் வேண்டும். கணக்காய்வாளர்கள் செயலவையில் இடம்பெறாதவர்களாக இருக்க வேண்டும். பற்றுச்சீட்டுகளும் வங்கி அறிக்கையும் கணக்கேட்டுடன் ஒத்துப்போகின்றனவா என்று அவர்கள் சரிபார்த்த பின்னரே, கணக்கறிக்கை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வைக்கப்படும்.

இரண்டு ஆண்டுகளாகப் பொருளாளர் கணக்கறிக்கை வைக்கவில்லை என்று கொள்வோம். உறுப்பினர்கள் அவரை நீக்க விரும்புகின்றனர். கூட்டத்தைக் கூட்ட வேண்டிய செயலாளரோ அமைதியாக இருக்கிறார். கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் செயலாளருக்கு மட்டுமே இருந்தால், நீக்கம் பற்றிய விதி ஏட்டளவில் நின்றுவிடும். ஆகவே, “வாக்குரிமை உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையொப்பமிட்டுக் கேட்டால், செயலாளர் 30 நாளுக்குள் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும், தவறினால் கையொப்பமிட்டவர்களே கூட்டலாம்” என்று எழுத வேண்டும். பட்டியலில் 45 பேர் இருப்பதால் 15 கையொப்பங்கள் போதும். பட்டியலே இல்லாவிட்டால் எத்தனை கையொப்பங்கள் வேண்டும் என்பதே வழக்காகிவிடும்.

பொருளாளர் மீதான குற்றச்சாட்டை எழுத்தில் 14 நாளுக்கு முன்பே அவரிடம் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் அவர் தம் விளக்கத்தைக் கூற வாய்ப்பளிக்க வேண்டும். நீக்கப்பட இருப்பவர் தலைவரே என்றால், அந்தக் கூட்டத்திற்கு அவர் தலைமை தாங்கக் கூடாது. இம்முறைகளைப் பின்பற்றாத நீக்கம், காரணம் நியாயமானதாக இருந்தாலும், செல்லாமல் போகக்கூடும்.

இனி வாக்கெடுப்பு. வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப்பேராவது வர வேண்டும் என்பது விதியானால், 23 பேர் தேவை. 30 பேர் வந்துள்ளனர். நீக்கத்தை 18 பேர் ஆதரிக்கின்றனர். 8 பேர் எதிர்க்கின்றனர். 4 பேர் வாக்களிக்கவில்லை. விதியில் “மூன்றில் இரண்டு பங்கு” என்று மட்டும் இருந்தால் முடிவு என்ன? வந்திருந்த 30 பேரைக் கணக்கிட்டால் 20 வாக்குகள் வேண்டும், தீர்மானம் தோற்கிறது. வாக்களித்த 26 பேரைக் கணக்கிட்டால் 18 வாக்குகள் போதும், தீர்மானம் வெல்கிறது. இரு தரப்பினரும் தாங்களே வென்றதாகக் கூறுவர். “வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு” என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் இந்தச் சண்டை எழாது.

நீக்கப்பட்டவர் கணக்கேடுகளையும் பற்றுச்சீட்டுகளையும் ஏழு நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கட்டும். கூட்டக்குறிப்பை வங்கியிடம் கொடுத்துக் கையொப்பமிடுவோரின் பெயரையும் மாற்ற வேண்டும். இல்லையெனில், பதவி போன பின்னும் பணம் எடுக்கும் உரிமை பழையவரிடமே இருக்கும்.

விதிகளைப் பூசல் தொடங்கிய பிறகு திருத்துவது கடினம். யாரை மனத்தில் கொண்டு திருத்துகிறார்கள் என்ற ஐயம் எழும். யார் எந்தப் பதவிக்கு வருவார் என்று தெரியாத முதல் கூட்டத்தில்தான், எல்லாருக்கும் பொதுவான விதியை எழுதுவது எளிது.