நீளமும் வெட்டும்

நுழையும்முன்

முழங்காலை ஒட்டியோ அதற்குக் கீழோ முடியும் கால்சட்டைகள் பல. பெர்முடா, கார்கோ, கப்ரி, குலோட் என அவற்றின் பெயர்கள் பிரிவதற்கு இரண்டு அடிப்படைகள் உள்ளன. ஒன்று, ஆடை முடியும் இடம். மற்றொன்று, துணி வெட்டப்படும் முறை.

முழங்கால் அளவு

பெர்முடா முழங்காலுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 செ.மீ. மேலே முடியும், நேராக இறங்கும். வட அட்லாண்டிக் கடலிலுள்ள பெர்முடா தீவுகளில் ஆடவர் நீண்ட காலுறை, கழுத்துப்பட்டை, மேற்சட்டை ஆகியவற்றோடு இதனை அலுவலகத்திற்கும் அணிவர்.

இந்நீளத்தை உடலைக் கொண்டே அறிதல் வேண்டும். கவட்டிலிருந்து விளிம்புவரை உள்ள உள்தையல் 28 செ.மீ. எனக் கொள்வோம். கவட்டிலிருந்து முழங்கால்வரை 30 செ.மீ. உள்ளவருக்கு அது 2 செ.மீ. மேலே முடிந்து பெர்முடாவாக அமையும். அவ்வளவு 36 செ.மீ. உள்ள நெடியவருக்கோ 8 செ.மீ. மேலேறி, சாதாரண அரைக்கால் சட்டையாகிவிடும்.

கார்கோவும் பெரும்பாலும் முழங்காலருகே முடிவதால், நீளம் மட்டும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. தொடையின் வெளிப்புறத்தில் தைக்கப்பட்ட, மூடியுடன் கூடிய பெரிய பையே கார்கோவின் அடையாளம். பையின் ஓரங்களில் மடிப்பு விடப்படுவதால், பொருள் வைக்கும்போது அது விரிந்து இடங்கொடுக்கும். படைவீரர் உடையிலிருந்து வந்த அமைப்பு இது.

கெண்டைக்கால் அளவு

கப்ரி, குலோட் ஆகிய இரண்டும் கெண்டைக்கால் நடுவே முடியக்கூடியவை. இங்கு வெட்டே வேற்றுமையைக் காட்டும்.

ஜெர்மானிய ஆடை வடிவமைப்பாளர் சோன்யா டி லெனார்ட் 1948இல் உருவாக்கிய கப்ரி, இத்தாலியத் தீவொன்றின் பெயரைப் பெற்றது. இது கால்சட்டை வரைபடத்திலிருந்து வெட்டப்பட்டு, கீழ்நோக்கிக் குறுகிச் செல்லும். கெண்டைக்காலின் பருத்த பகுதியில் குறுகிய விளிம்பு முடிவதால், முழங்காலை மடக்கும்போது துணி பிடிக்கும். அதனைத் தவிர்க்கவே வெளிப்பக்க விளிம்பில் சிறு பிளவு விடப்படுகிறது.

குலோட் என்னும் பிரெஞ்சுச் சொல் முதலில் உயர்குடி ஆடவரின் முழங்கால் அளவுக் கால்சட்டையைக் குறித்தது. பிரெஞ்சுப் புரட்சியில் எழுந்த எளிய மக்கள் நீண்ட கால்சட்டை அணிந்தமையால் ‘குலோட் அற்றோர்’ எனப்பட்டனர். இன்றைய குலோட் மகளிர் ஆடை; பாவாடை வரைபடத்தோடு கவட்டுப் பகுதியைச் சேர்த்து வெட்டப்படுவது. ஆகவே, நிற்கும்போது பாவாடையாகவும் நடக்கும்போது கால்சட்டையாகவும் தோன்றும்.

இவ்வேறுபாடு துணியை வெட்டுவதற்கு முன்பே தெளிவாதல் வேண்டும். அகன்ற குலோட்டின் பக்கத்தையலை உள்வாங்கி ஓரளவு குறுக்கலாம். குறுகலாக வெட்டிய கப்ரியைக் குலோட்டாக மாற்றவோ, விரிப்பதற்குரிய துணியே அதில் இராது.