மின்னஞ்சலில் அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, கோடு: ஒரு மண்டி மடலைத் திருத்திப் பார்ப்போம்

விலைப்பட்டியலைத் தபாலட்டையில் எழுதி அனுப்பிய காலத்தில் இடம் குறைவு. ஆகவே நான்கு வரியில் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தார்கள். மின்னஞ்சலில் இடத்துக்குப் பஞ்சமில்லை. விலை, வண்டி வரும் நாள், தள்ளுபடி, பணம் கட்டும் தவணை எல்லாம் ஒரே மடலில் ஏறிவிடுகின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டவேண்டிய குறிகளோ கைபோன போக்கில் விழுகின்றன. குறி தவறினால் எந்த நிபந்தனை எந்தச் சரக்குக்கு என்பது மாறிவிடும். பிறகு அது பில்லில் வந்து நிற்கும்.

ஆற்காட்டு அரிசி மண்டி ஒன்றிலிருந்து சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் போவது போன்ற மாதிரி மடல் ஒன்றைக் கீழே தருகிறோம். மடல் கற்பனைதான். அதிலுள்ள பிழைகள் நம் அன்பர்கள் நாள்தோறும் காண்பவை.

> பொருள்:- புதிய விலை; மற்றும் வண்டி விவரம்
>
> அன்புடையீர்; கிச்சிலிச் சம்பா, பொன்னி, இட்லி அரிசி ஆகியவை: வரத்துக் குறைந்து; விலை மூட்டைக்கு 40 ரூபாய் கூடியுள்ளது — வரும் திங்கள் முதல் அமலாகும் — ராணிப்பேட்டை, மேல்விஷாரம், திங்கள், வேலூர், காட்பாடி, வியாழன், ஆம்பூர், வாணியம்பாடி, சனி வண்டி வரும். பழைய சரக்கு, 26 கிலோ மூட்டை, 5 மூட்டைக்கு மேல் எடுப்பவர்களுக்கு -20 ரூபாய் தள்ளுபடி. பணம்: 7-10 நாளில்.

பள்ளியில் நமக்குச் சொல்லித் தந்தது நிறுத்தும் நேரம். காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று மனப்பாடம் செய்தோம். வாய்விட்டுப் படிப்பதற்கு அது சரியான கணக்கு. கடையில் ஆள் நிற்கும்போது கைப்பேசியில் ஓரக்கண்ணால் மடல் பார்ப்பவருக்கு மாத்திரைக் கணக்கு உதவாது. அவருக்கு வேண்டியது எது எதோடு சேரும் என்பது. அந்தக் கண்ணோடு மடலைத் திருத்துவோம்.

முதலில் அரைப்புள்ளி. அதற்குத் தமிழில் ஓர் எளிய சோதனை உண்டு. அரைப்புள்ளிக்கு முன்னால் உள்ள சொல்லைப் பாருங்கள். ‘கூடியுள்ளது’, ‘வரும்’, ‘உண்டு’ என்பது போல வாக்கியத்தை முடிக்கும் சொல்லாக இருந்தால், அங்கே அரைப்புள்ளி நிற்கலாம். ‘குறைந்து’, ‘வந்து’, ‘எடுத்தால்’ என்பது போல அடுத்த சொல்லை எதிர்பார்த்து நிற்கும் எச்சமாக இருந்தால் நிற்கக்கூடாது. ‘வரத்துக் குறைந்து’ என்றதும் வாசகர் மேலே என்ன என்று காத்திருக்கிறார். அங்கே அரைப்புள்ளி வைப்பது, தராசில் சரக்கை வைத்துவிட்டு எடைக்கல்லை வைக்காமல் போவது போல. வேண்டுமானால் ஒரு காற்புள்ளி போடலாம். ஒன்றுமே போடாவிட்டாலும் குற்றமில்லை.

‘புதிய விலை; மற்றும் வண்டி விவரம்’ என்பதிலும் அதே தவறுதான். ‘மற்றும்’ என்ற சொல்லே இரண்டையும் இணைக்கிறது. அதன் முன் அரைப்புள்ளி வைத்தால் இணைப்பது போலவும் பிரிப்பது போலவும் இருக்கும். ‘அன்புடையீர்’ என்று விளித்த பிறகு வரவேண்டியது காற்புள்ளி.

பின் அரைப்புள்ளிக்கு வேலையே இல்லையா என்று கேட்கலாம். அதற்குரிய இடத்தில் இந்த மடல் அதை வைக்கவே இல்லை! வண்டி வரும் நாளைச் சொல்லும் வரியைப் பாருங்கள். ஊரும் கிழமையும் ஒரே காற்புள்ளியால் கோக்கப்பட்டுள்ளன. வேலூர்க் கடைக்காரர் தம் ஊரைத் தேடுகிறார். அதற்கு ஒட்டினாற்போல் முன்னால் ‘திங்கள்’ இருக்கிறது. திங்களன்று வண்டி வரும் என்று எண்ணி ஆள் வைத்துக் காத்திருப்பார். வண்டி வருவதோ வியாழன். உள்ளே காற்புள்ளிகள் கொண்ட கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க ஒருபடி பெரிய குறி வேண்டும். அதுதான் அரைப்புள்ளி. சிறு பொட்டலங்களைக் காற்புள்ளியால் கட்டி, மூட்டைக்கு மூட்டை அரைப்புள்ளியால் தைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

> வண்டி வரும் நாட்கள் பின்வருமாறு: ராணிப்பேட்டை, மேல்விஷாரம், திங்கள்; வேலூர், காட்பாடி, வியாழன்; ஆம்பூர், வாணியம்பாடி, சனி.

இப்போது வேலூர் வியாழனோடுதான் சேரும். ஆனால் ஊர்கள் இன்னும் கூடினால், இதையும் விட்டுவிட்டுக் கிழமைக்கு ஒரு வரியாக எழுதுவதே மேல். வரி உடைத்துவிட்டால் வரியே பிரித்துக் காட்டும், அரைப்புள்ளி தேவைப்படாது.

மேலே ‘பின்வருமாறு’ என்பதற்குப் பின் முக்காற்புள்ளி வந்திருக்கிறது. அதன் இடம் அதுதான். ‘இதோ வருகிறது’ என்று அறிவித்துவிட்டுப் பட்டியலைத் திறக்கும் குறி அது. நம் மொழியில் ‘ஆகியவை’, ‘முதலிய’ போன்ற சொற்கள் பட்டியலை முடித்துவைக்கின்றன. ‘கிச்சிலிச் சம்பா, பொன்னி, இட்லி அரிசி ஆகியவை’ என்றதும் பட்டியல் மூடியாயிற்று. மூடிய பிறகு திறக்கும் குறி வைத்தால், அடுத்து என்ன சரக்கு வரப்போகிறது என்று வாசகர் தேடுவார். ஆங்கிலத்தில் பட்டியல் பெரும்பாலும் பின்னால் வரும். அந்தப் பழக்கத்தில் தமிழிலும் வைத்துவிடுகிறோம்.

‘பொருள்:-’ என்று முக்காற்புள்ளியோடு ஒரு சிறு கோடும் சேர்ப்பது நம் கடிதங்களில் நெடுநாளாக இருக்கும் வழக்கம். தவறான பொருள் எதையும் அது தராது. இருந்தாலும் கோட்டை விட்டுவிடுங்கள். காரணம், அதை அடுத்து எண் வந்தால் ‘பாக்கி:-500’ என்று கழித்தல் குறியாகிவிடும். பாக்கி நாம் தரவேண்டியதா, அவர் தரவேண்டியதா என்று இரண்டு தொலைபேசி அழைப்புகள் போகும்.

இனி நீண்ட கோடு. கோடுகள் இரண்டாக வந்தால் அவை அடைப்புக்குறிகளைப் போல. நடுவில் இருப்பதை எடுத்துவிட்டுப் படித்தால் மீதி வாக்கியம் ஓடவேண்டும். நம் மடலில் எடுத்துப் பாருங்கள்: ‘விலை மூட்டைக்கு 40 ரூபாய் கூடியுள்ளது ராணிப்பேட்டை, மேல்விஷாரம்...’ என்று வருகிறது. ஓடவில்லை. அங்கே இருந்தவை மூன்று தனி வாக்கியங்கள். மூன்றுக்கும் முற்றுப்புள்ளியே போதும். விரைவாகத் தட்டச்சு செய்பவர்கள் எந்தக் குறி என்று யோசிக்காமல் கோடு இழுத்துவிடுகிறார்கள் என்பது நம் அபிப்பிராயம்.

எண்களுக்கு நடுவே வரும் சிறு கோடு வேறு. அது ‘முதல் வரை’ என்று பொருள்படும். நம் வட்டாரத் தோல் வியாபாரிகள் தோலின் தடிமனை 1.0-1.2 மி.மீ. என்று எழுதுவது சரியானது. அளவு அந்த இரண்டுக்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம். தவணைக்கு அப்படி எழுதினால் வம்பு. ‘7-10 நாளில்’ என்றால் மண்டிக்காரர் ஏழாம் நாள் ஆள் அனுப்புவார், கடைக்காரர் பத்தாம் நாள் வரச்சொல்வார். இருவரிடமும் மடல் சாட்சி இருக்கும். கெடு ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். தேதியும் அப்படியே. ‘5-6’ என்றால் ஜூன் ஐந்தா, ஐந்தும் ஆறும் ஆகிய இரண்டு நாளா? ‘ஜூன் 5’ என்றே எழுதுங்கள்.

மிகப் பெரிய வில்லங்கம் தள்ளுபடி வரியில் இருக்கிறது. மண்டிக்காரர் நினைத்தது ஒன்றே: தேங்கிய பழைய சரக்கில், 26 கிலோ மூட்டையாக, ஐந்துக்கு மேல் எடுப்பவர்களுக்கு மூட்டைக்கு 20 ரூபாய். (2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததை ஒட்டி இந்த 26 கிலோ மூட்டை பரவியதை நாம் அறிவோம்.) மூன்று நிபந்தனையும் சேர்ந்தால்தான் சலுகை. ஆனால் காற்புள்ளிகளைப் பார்க்கும் கடைக்காரர் மூன்றும் தனித்தனி என்று படிக்கலாம். புதிய சரக்கில் 12 மூட்டை எடுத்தவர், ஐந்துக்கு மேல் எடுத்தேனே என்று 240 ரூபாய் கழித்துப் பணம் அனுப்புவார். அவர் படித்ததில் பிழை இல்லை.

இத்தகைய வழக்கு ஒன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்துக்கும் அதன் லாரி ஓட்டுநர்களுக்கும் நடந்தது. உணவுப் பொருட்களைப் பதப்படுத்துதல், சேமித்தல் போன்ற சில வேலைகளுக்கு மிகைநேரக் கூலி இல்லை என்பது அந்த மாநிலச் சட்டம். அந்தப் பட்டியலின் கடைசியில் ‘அனுப்புவதற்காக அல்லது விநியோகத்துக்காகக் கட்டுதல்’ என்றும் படிக்கலாம், ‘அனுப்புவதற்காகக் கட்டுதல்’, ‘விநியோகித்தல்’ என்று இரண்டாகவும் படிக்கலாம். பிரிக்கும் காற்புள்ளி அங்கே இல்லை. ஓட்டுநர்கள் விநியோகம் செய்தார்களே தவிரக் கட்டவில்லை. 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் தெளிவாக இல்லை என்று சொல்லி அவர்கள் பக்கம் நின்றது. 2018-இல் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசமானது. சட்டமன்றம் பிறகு அந்த வரியைத் திருத்தியபோது ஒவ்வொரு வேலைக்கும் நடுவே அரைப்புள்ளி வைத்தது.

நம் தள்ளுபடி வரிக்கு வருவோம். மூன்றும் தனித்தனிச் சலுகை என்றால் அந்த முறையே சரி: ‘பழைய சரக்கு; 26 கிலோ மூட்டை; 5 மூட்டைக்கு மேற்பட்ட கொள்முதல்’ என்று முன்னால் ‘பின்வரும் ஒவ்வொன்றுக்கும்’ சேர்த்து எழுதலாம். மூன்றும் சேர்ந்தே ஒரு சலுகை என்றால் எந்தக் குறியாலும் அதைச் சொல்ல முடியாது. வேற்றுமை உருபுதான் சொல்லும். -20 என்ற கோடும் போகட்டும். ‘தள்ளுபடி’ என்ற சொல்லிலேயே கழித்தல் இருக்கிறது. திருத்திய மடல் இது:

> பொருள்: புதிய விலை, வண்டி விவரம்
>
> அன்புடையீர்,
>
> கிச்சிலிச் சம்பா, பொன்னி, இட்லி அரிசி ஆகியவற்றின் வரத்துக் குறைந்து, விலை மூட்டைக்கு 40 ரூபாய் கூடியுள்ளது. புதிய விலை வரும் திங்கள் முதல் அமலாகும்.
>
> வண்டி வரும் நாட்கள்:
> திங்கள்: ராணிப்பேட்டை, மேல்விஷாரம்
> வியாழன்: வேலூர், காட்பாடி
> சனி: ஆம்பூர், வாணியம்பாடி
>
> பழைய சரக்கில் 26 கிலோ மூட்டைகளை ஐந்துக்கு மேல் எடுப்பவர்களுக்கு மட்டும் மூட்டைக்கு 20 ரூபாய் தள்ளுபடி உண்டு. பணத்தைச் சரக்கு வந்த 10 நாளுக்குள் கட்டவேண்டும்.

இதில் ஓர் அரைப்புள்ளிகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். குறி குறைந்தது தற்செயல் அல்ல. வரியும் உருபும் அதன் வேலையை ஏற்றுக்கொண்டன.

கடைசியாக, எழுதியவர் மீது குற்றமில்லாமல் கணினி செய்யும் இரு கோளாறுகள். பாமினி எழுத்துருவில் அரைப்புள்ளி விசையை அழுத்தினால் மெய்யெழுத்தின் புள்ளிதான் விழும். ‘தமிழ்’ என்ற சொல் அதில் jkpo; என்று பதிவாகும். அந்த எழுத்துரு இல்லாதவருக்கு மடல் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். பாமினியில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றினால், நீங்கள் உண்மையாகவே வைத்த அரைப்புள்ளியும் புள்ளியாக மாறி எங்காவது உயிர்மெய்யின் மேல் உட்கார்ந்திருக்கும். மற்றது, வேர்டில் அடித்து ஒட்டிய நீண்ட கோடு. பழைய மென்பொருள் சிலவற்றில் அது â€” என்று மூன்று குறிகளாகத் திறக்கும். விலைக்குப் பக்கத்தில் அப்படி வந்தால் ஏதோ வெளிநாட்டு நாணயம் என்று நினைக்க இடமுண்டு. எல்லோருக்கும் அனுப்புமுன் ஒருமுறை தமக்கே அனுப்பிக் கைப்பேசியில் திறந்து பார்த்தால் இரண்டும் கண்ணில் பட்டுவிடும்.